குழாய்மேல் உட்கார்ந்திருந்த பெண்

எங்கள் தீவில் லம்பா லைன் என்ற பகுதியில் சாலை உள்வாங்கியது ஒரு காலை வேளையில். ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்திருக்கிறது. சாலைக்குக் குறுக்கே மழைநீர்க் குழாய் புதைந்திருந்த இடத்தில் அதன் இடதுபக்கப் பின்சக்கரம் தாரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. வண்டி சாய்ந்தது. தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒருவர்மேல் ஜல்லி மொத்தமும் சரிந்தது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் கயிறு கட்டும் வேலை அவருக்கு. அக்கம்பக்கத்தார் கையாலேயே கல்லை அள்ளி அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

நான் அப்போது சௌல்தாரியில் ஒரு மதகு வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். குழாய் பதிக்கும் வேலையில்தான் என் காலம் போயிருக்கிறது. உடைந்த குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் வேலை என் முதலாளிக்குக் கிடைத்தது. பழைய குழாயைப் போட்டவர் வேறொரு ஒப்பந்தக்காரர். வேலை முடிந்த கையோடு கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய்விட்டவர். முதலாளி என்னை லம்பா லைனுக்கு அனுப்பினார். பழைய குழாயை ஒழுங்காக எடுத்துப் பார், எதனால் உடைந்தது என்று அரசு இளநிலைப் பொறியாளர் கேட்பார் என்றார்.

முதல் நாள் ஜேசிபி தாரைப் பெயர்த்தபோது எதிர்வீட்டுப் பெண் வாசற்படியில் வந்து நின்றாள். இறந்தவரின் மனைவி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவள் அங்கே நிற்பது வேலை செய்தவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. ராஞ்சிக்காரத் தொழிலாளிகள் வழக்கமாகப் பேசிக்கொண்டே வெட்டுவார்கள். அன்று தலை நிமிராமல் வெட்டினார்கள்.

தாருக்கும் கருங்கல் படுகைக்கும் கீழே மண் இல்லை. ஓர் ஆள் குனிந்து நுழையலாம் போல வெற்றிடம். அதன் அடியில் குழாய் கிடந்தது. உச்சியில் நீளவாக்கில் பிளந்து, பக்கங்கள் பிதுங்கி, மேல்பாதி உள்ளே இறங்கியிருந்தது. நடுவில் தொய்ந்துபோயிருந்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. குழாயைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. பள்ளத்தின் தரை ஒருபாதி பாறை, மறுபாதி களிமண். அதைச் சமப்படுத்தாமல், அடியில் எதையும் பரப்பாமல், குழாயை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மூட்டைச் சுற்றியிருக்கும் இணைப்பு வளையம் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. குழாயின் உடம்பு அந்தரத்தில். மறுபக்கம் களிமண் அமுங்கக் குழாயும் கூடவே இறங்கியிருந்தது. வெட்டியெடுத்த மண்ணையும் பாறைத் துண்டுகளையும் அப்படியே மேலே தள்ளி மூடியிருக்கிறார்கள். தலை அளவுக் கல் ஒன்று குழாயின் விலாவில் முட்டிக்கொண்டு இருந்தது. பிளவு தொடங்கியிருந்தது அந்த இடத்தில்தான்.

பொறியாளர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு அந்தப் பெண் சாலையோரம் வரை வந்தாள்.

"அண்ணே, குழாய் ஒடஞ்சா தண்ணிதானே லீக் ஆகணும்? ரோடு எப்படிக் காணாமப் போச்சு?"

மழுப்பியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. மூட்டு திறந்ததால் சுற்றியிருந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் புகுந்தது, தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்க் கீழே ஓடையில் கொட்டியது, மேலே தார் மட்டும் மூடி போல நின்றது என்று சொன்னேன்.

அவள் கீழே ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, மழை வந்தா ஓடைல செவப்புத் தண்ணி வருமே, அதுவா?"

"ஆமாம்மா."

"ரெண்டு மழைக்காலம், ரெண்டு பாரிஷா அதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். மலைலேர்ந்து மண்ணு மிட்டி வருதுன்னு அவரு சொல்லுவாரு. நம்ம வாசல் ரோடுதான் போகுதுன்னு மாலூம் இல்லியே."

அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டாள். அன்றிலிருந்து வேலை நடந்த நேரமெல்லாம் அங்கேயேதான் இருந்தாள். ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டாள். நானும் சொன்னேன். எனக்கு அவளிடம் பேசுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

பாறையை ஒரு சாண் ஆழம் கூடுதலாக உடைத்து எடுத்தோம். களிமண் பக்கத்தில் இளகியிருந்ததை வழித்தோம். அடியில் பரப்ப மணல் வேண்டும். தீவுகளில் மணலுக்கு எப்போதும் பஞ்சம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், கடல் மோசமாக இருந்ததால் கப்பல் தாமதம். பொறியாளரிடம் கேட்டு, சிப்ஸ் என்னும் பொடி ஜல்லியும் கல் தூளும் கலந்து மெத்தை போலப் பரப்பினோம். அதைத் தட்டி, நூல் பிடித்து, சரிவு சரிபார்த்தோம். இணைப்பு வளையம் வரும் இடங்களில் மட்டும் மெத்தையைக் குழித்துவிட்டோம், வளையம் தொங்கலாக நின்று குழாயின் உடம்பு நெடுக ஜல்லிமேல் படுவதற்காக. பழையதைவிடக் கனமான குழாயைக் கொண்டுவந்து இறக்கினோம்.

குழாயின் அடிவயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சந்து விழும். எல்லோரும் ஏமாற்றுவது அங்கேதான். மேலேயிருந்து கொட்டினால் சந்து நிரம்பியதுபோலத் தெரியும். உள்ளே காலியாக இருக்கும். குழாய்க்குப் பக்கவாட்டில் பிடிமானம் இருக்காது, பாரம் வந்தால் பிதுங்கிப் பிளக்கும். ஆட்களை உள்ளே இறக்கி, கம்பியால் குத்திக் குத்தி அடைக்கச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் குழாய் நகரும் என்பதால் இரண்டு பக்கமும் சமமாக, ஒரு சாணுக்கும் குறைவாகக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, மறுபடி கொட்டி ஏற்றினோம். குழாயின் உச்சி மூடும்வரை அப்படியே வந்தது. அதற்கு மேல் சாலை மட்டம் வரை இன்னும் இடுப்பு உயரத்துக்கு நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

குவாரியிலிருந்து கல் தூள் வருவது நின்றது. ஓரத்தில் குவித்து வைத்திருந்த வெட்டுமண் சேறாகிவிட்டது. சாலை மூடிக் கிடந்ததில் ஏரியாவே கோபத்தில் இருந்தது. பேருந்து சுற்றிப் போனது. கடைக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். முதலாளிக்கு ஓயாமல் போன் வந்தது. மழை சற்று விட்ட ஒரு மத்தியானம் அவரே வந்து, வெட்டுமண்ணையே தள்ளி மூடி மேலே ஜல்லியைப் போட்டுத் திறந்துவிடு என்றார். ஈரக் களிமண் இடித்தாலும் இறுகாது, வண்டி ஏறினால் பாரம் நேரே குழாய்மேல் இறங்கும் என்றேன். அடியில் சரியாகத்தானே போட்டிருக்கிறாய், மேல்மண் எதுவாக இருந்தால் என்ன என்றார்.

"வண்டி ஓட ஓட அதுவா அமுங்கிடும். எத்தன வேலை பாத்திருக்கேன்."

எதிர்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் சாலையைக் கடந்து வந்து, மண்சரிவில் கைவைத்துப் பள்ளத்துக்குள் இறங்கினாள். குழாய்க்கு மேலே நாங்கள் இடித்து வைத்திருந்த ஜல்லிமேல் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜேசிபி ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினான்.

முதலாளி முதலில் தமிழில் நயமாகப் பேசினார். பிறகு இந்தியில் கடுமையாக. மேலே வாம்மா, உன் நல்லதுக்குத்தான் ரோடு போடுகிறோம் என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"போன தடவ மூடுனவனும் இதத்தாண்ணே சொன்னான். எங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னான். அவரு அவனுக்குச் சாயா குடுத்தாரு."

முதலாளி பள்ளத்தை விட்டு விலகி நின்றார். அவருக்கு மனம் இளகியது என்று நான் சொல்லமாட்டேன். ஆள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் மண் தள்ள எந்த ஓட்டுநரும் தயாராக இல்லை, அவ்வளவுதான். நான் ஆட்களைத் தார்ப்பாய் எடுத்துவரச் சொல்லி, அவள் இருந்த இடம் உட்பட பள்ளத்தின் மேல் கட்டினேன். மழை மறுபடி வந்தது. சாலைத் தண்ணீர் உள்ளே புகாமல் ஓரங்களில் மண்மூட்டை அடுக்கினோம். பொறியாளர் நனைந்துகொண்டே வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். கல் தூள் வரும்வரை மூடவேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவள் கால் மரத்துப்போயிருந்தது. கூட்டத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர், புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

மழை ஓய்ந்து லாரி வந்ததும் கல் தூளைக் கொண்டு அடுக்கடுக்காக இடித்து மேலே வந்தோம். குழாய்க்கு மேல் ஓர் அடி நிரம்பும்வரை கையால் மட்டும், பிறகு இயந்திரத்தால். பாறையை வெட்டி இறக்கியதால் முன்பைவிட ஆழமாகக் கிடந்தது குழாய். சாலை திறந்து முதல் டிப்பர் அதன்மேல் போனபோது அவள் வாசலில் நின்று சக்கரத்தையே பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் முகத்திலும் எந்த நிம்மதியும் இல்லை. சரியாகப் போட்டால் நிற்கும் என்பது கண்முன்னே தெரிந்துவிட்டதே, அது அவளுக்கு இன்னும் பெரிய வலியாக இருந்திருக்க வேண்டும்.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: மேட்டில் ஆலமரத்துப் பக்கம் இன்னொரு குழாய் போகிறதே, அதைப் போட்டது யார்? அதே ஆட்கள்தான் என்று எனக்குத் தெரியும். அடுத்த மழையில் இரண்டு பேருமாகப் போய் அந்தக் குழாயின் வாயைப் பார்த்தோம். மேல்பக்கம் ஓடையில் தெளிந்த தண்ணீர் உள்ளே போனது. கீழ்ப்பக்கம் சிவப்பாக வெளியே வந்தது. தாரில் தாம்பாளம் அளவுக்கு ஒரு தாழ்வு விழுந்து தண்ணீர் தேங்கியிருந்தது.

பொறியாளரிடம் சொன்னேன். அவர் மேலே சொன்னார். அந்தக் குழாய் இப்போதைய வேலையில் சேரவில்லை, தனியாக அனுமதி வரவேண்டும் என்று பதில் வந்தது. அவள் தானே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் இரண்டு தார் பீப்பாய்களைக் கொண்டுவந்து அந்தத் தாழ்வின் ஓரத்தில் நிறுத்தினார்கள். வண்டிகள் பீப்பாயைச் சுற்றி ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டன.

மழைக்காலம் முடிவதற்கு முன்பே அவள் வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு தீவில், ஹட் பேயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஜெட்டியில் அவள் கணவரோடு வேலை பார்த்தவர்கள் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். மேட்டுக் குழாயைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஏறிப்போனாள்.

இப்போதும் வேலைக்குப் போக எனக்கு அந்தச் சாலைதான். மேட்டுக் குழாய்க்கு அனுமதி இன்னும் வரவில்லை. பீப்பாய் ஒன்று எப்போதோ உருண்டு ஓடையில் விழுந்துவிட்டது. ஜல்லி டிப்பர் பின்னால் வந்தால் நான் வண்டியை ஓரம் கட்டி, அது மேட்டுக் குழாயைத் தாண்டும்வரை நிற்கிறேன். சாலை குறுகல், பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள்.