முப்பதாம் நாள் வெள்ளைத்தாள்

என் மகள் பிளஸ் டூ தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான்தான் அட்டவணை போட்டேன். ஒரு பாடத்தை முதலில் படித்த பிறகு, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று ஐந்து முறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். திரும்பப் பார்க்கப் பார்க்க மறதி குறையும், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது கணக்கு.

மரக்காணம் தபால் அலுவலகத்தில் வேலை முடிந்து வந்ததும் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த சார்ட்டில் டிக் போடுவேன். தினமும் புதுப் பாடம் இரண்டு. கடைசிப் பாடத்தின் முப்பதாம் நாள்கூடத் தேர்வுக்கு முன்னால் வந்துவிடும்படி எண்ணிப் போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்றாம் வாரத்தில், புதியது இரண்டோடு திரும்ப வேண்டிய பாடங்கள் எட்டு வந்து நின்றன. உப்பளத்தில் வேலை முடிந்து வந்த என் கணவர், கால் கழுவாமலே சார்ட்டைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்குப் பத்துப் பாடமா? எங்க அளத்துல இவ்ளோ வேலை வச்சா ஆளுங்க ஓடிப் போயிடுவாங்க."

"அவ எங்கயும் ஓடல. எல்லாத்துலயும் டிக் வந்திருக்குது பாருங்க," என்றேன்.

முதல் பாடத்தின் முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மனித இனப்பெருக்கம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பாடம். புத்தகத்தை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். தலைப்பை எழுதினாள். பேனா அங்கேயே நின்றது.

"எழுதுடி."

"யோசிக்கிறேம்மா."

காய் நறுக்கி முடித்தேன். குழம்பு கொதித்தது. தாளில் தலைப்பு மட்டும் இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"நாலு தடவ எழுதினியே, அப்புறம் என்ன?"

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பார்த்துட்டுதாம்மா எழுதினேன். ரெண்டாவது வாரத்துலேருந்தே திரும்பப் பார்க்கறது ஆறு, எட்டுன்னு ஏறிடுச்சு. முடியல. ஒருதடவ புக்க படிச்சுட்டு உடனே மூடி எழுதுவேன். அப்ப வரும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க டிக் போடுறப்ப சந்தோஷமா சிரிப்பீங்க. அதான் சொல்லல."

வேறு நான்கு பாடங்களைக் கேட்டேன். அவற்றில் மூன்று பாடங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அத்தனை டிக்கும் எனக்குக் கண்ணெதிரே நின்றது. ஒரு மாதம் போய்விட்டது. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் கூட முழுதாக இல்லை.

மறுநாள் மாலை கூனிமேட்டில் அவளுக்கு டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் போனோம். சார்ட்டைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"இடைவெளி தப்பில்லக்கா. கணக்கு தப்பு. பாடத்த எண்ணினீங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ தாங்கும்னு எண்ணல." மகளிடம் திரும்பினார். "ஏம்மா, பார்த்துட்டு எழுதினா எப்படி? ஞாபகம் எவ்ளோன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வேலையே."

அன்றும் அடுத்த நாளும் டீச்சர் எல்லாப் பாடத்திலும் மூடிய புத்தகத்தோடு வாய்விட்டுக் கேட்டார். வந்தவற்றை விட்டுவிடச் சொன்னார், தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு முறை போதும். வராதவற்றைப் புதிதாகப் படித்ததுபோல் எண்ணி, மறுபடியும் ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று சின்ன இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது. அந்த ஐந்தில் எழுத வராதது மறுநாள் வரிசையில் சேரும்.

அப்படி எண்ணிப் பார்த்ததில் இரண்டு பாடத்துக்கு நாள் மிஞ்சவில்லை.

"விட்டுடுங்க," என்றார் டீச்சர்.

"விட்டுடறதா? அதுலேருந்து கேள்வி வந்தா?"

"வந்தா அந்தக் கேள்வி போகும். இல்லேன்னா எல்லாமே போகும்."

அன்றிரவு நான் சார்ட்டைக் கிழிக்கவில்லை. மகள்தான் புதிய தாளை எடுத்து, அவளே கோடு போட்டாள். டிக்கும் தானே போடுவதாகச் சொன்னாள். எழுத வராத இடத்தில் வட்டம் போட்டாள். முதல் வாரம் வட்டங்கள்தான் அதிகம். ஆனால் ஒரு வட்டத்தைக்கூட அவள் மறைக்கவில்லை.

உயிரியல் தேர்வன்று, விட்ட பாடத்திலிருந்து ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி வந்திருந்தது. பள்ளி வாசலில் அவள் அதைச் சொன்னதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். அவள் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"அதுக்குப் பதிலா சாய்ஸ்ல இருந்தத எழுதிட்டேம்மா. அது நாலாவது தடவைதான் முழுசா வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. முடிவுகள் இன்னும் வரவில்லை. தாளில் தலைப்பு மட்டும் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.