கடைசி வரிசைப் பத்து மிஷின்கள்

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஜெயசுதா மேடம் பேனாவை மறந்துவிட்டு வருவார். வணக்கம் சொல்லி, கேட் வரை வந்து, வண்டியில் ஏறப்போகும் நேரத்தில் கைப்பையைத் துழாவுவார். "அட, பேனாவ வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று திரும்ப உள்ளே போவார். மறந்தது ஒருநாளும் உண்மையில்லை. எங்களை வழியனுப்பியதும் கம்பெனி தன் சொந்த முகத்துக்குத் திரும்பும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவர் போவார். நான் நான்கு வருடமாகப் பார்த்தேன். எனக்கு முன்பு அவரோடு போனவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

இது திருப்பூர் முழுக்கத் தெரிந்துபோய்ப் பல காலம் ஆகிறது. சில இடங்களில் நாங்கள் எழுந்ததும் முதலாளியே மேசையைத் தடவி, "மேடம், பேனா எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். மேடமும் சிரிப்பார். அப்புறம் குடையை மறந்துவிடுவார்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இங்கே துணி தைத்து வாங்கித் தரும் அலுவலகம் எங்களுடையது. ஒரு புதிய கம்பெனிக்குத் தையல் வேலை கொடுக்கலாமா என்று நேரில் போய்ப் பார்ப்பது மேடத்தின் வேலை. கூடப் போய், பார்த்ததை அறிக்கையாக ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அதைப் படித்து முடிவெடுப்பவர் எங்கள் மேலாளர் தமிழ்செல்வன். அவர் இடங்களுக்கு வருவதில்லை. எங்கள் தாளில் இருப்பதுதான் அவருக்கு அந்த இடம்.

மேடம் அவிநாசிபாளையத்து நெசவுக் குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவர். அங்கிருந்து ஒவ்வொரு படியாக வந்தவர். சரி என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்குக் கீழேதான் தப்பு இருக்கும் என்பது செக்கிங் மேசையிலிருந்தே அவரோடு வந்த நம்பிக்கை. தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா ராக்கையா இன்னும் ஒரு கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில்தான் இருக்கிறார். மேடத்தின் சந்தேகம் அனுபவமா, பழக்கமா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. என் படிப்பு எதற்கு என்பதும் அப்படித்தான்.

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து தீபாவளிக்கு முன்பு, நல்லூரில் குமாரசாமியின் கம்பெனிக்குப் போனோம். குழந்தைகளுக்கான இரவு உடை ஆர்டர். தைக்க முப்பது மிஷின் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. குமாரசாமிக்கு அந்த ஆர்டர் எவ்வளவு முக்கியம் என்பதை அவரே வாசலில் சொல்லிவிட்டார்.

"தீவாளிக்கு எல்லாரும் ஊருக்குப் போவாங்க அம்மணி. வந்தா வேல இருக்குதுன்னு சொல்லி அனுப்புனாத்தான் திரும்பி வருவாங்க. இல்லீன்னா ஆளுக்கொரு கம்பெனி பாத்துக்குவாங்க. அப்புறம் மிஷின மட்டும் வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

"பாத்துட்டுப் பேசலாமுங்க" என்றார் மேடம்.

பார்த்தோம். வெளியேறும் கதவுகள் பூட்டாமல் இருந்தன. தீயணைப்பான்களில் தேதி சரியாக இருந்தது. ஊசிப் பெட்டி பூட்டிய அலமாரியில் இருந்தது. மிஷின்கள் மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து. எண்ணிக்கை சரி. நான் எழுதிக்கொண்டே வந்தேன். மேடம் கடைசி வரிசையில் நின்றுவிட்டார்.

முதல் இரண்டு வரிசை மிஷின்களின் தலையிலும் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். பூஜைக்குப் போட்டது காய்ந்து உதிராமல் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு மிஷினிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"ஏனுங்க, இந்த வரிசைக்கு மட்டும் பூஜ போடலீங்களா?"

குமாரசாமி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "போட்டமுங்க. தொடச்சுட்டாங்க போலிருக்குது" என்றார்.

"பத்தையுமா?"

"எண்ணெய் விட்டாங்க. அப்ப தொடச்சிருப்பாங்க."

அந்த வரிசையில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிரவில்லை. குமாரசாமியின் அம்மா கண்ணம்மாள் வாசல்பக்கம் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். குமாரசாமி பொய் சொல்கிறார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது மேடம் கேட்டை அடைவதற்குள் கம்பெனியின் மேற்பார்வையாளர் பிரபாகர் ஓடிவந்தார். கையில் பேனா.

"மேடம், மறந்துட்டீங்க."

"நான் இன்னிக்கு மறக்கலீங்களே" என்றார் மேடம். உண்மையில் அது வேறு யாரோ வைத்த பேனா. வண்டியில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "பாத்தயா கண்ணு? திரும்ப உள்ள வந்தறக் கூடாதுன்னு பேனாவக் கையில குடுத்து அனுப்பறானுங்க. பத்து மிஷினு பக்கத்து கம்பெனியில இருந்து வந்திருக்குது. நாம போனதும் டெம்போவுல ஏத்திருவாங்க."

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தோம். பார்த்தது, அதிலிருந்து தெரிவது, இனி செய்ய வேண்டியது என்று மூன்று பகுதி. பார்த்தது என்ற பகுதியில், பத்து மிஷின்கள் இரவல் என்று எழுதச் சொன்னார்.

"அத நாம பாக்கலியே மேடம்" என்றேன்.

"கண்ணுல பாத்தமே."

"பொட்டு இல்லாததைத்தான் பார்த்தோம். இரவல்னு நாமதான் நினைக்கிறோம்."

"அப்ப அந்த ஆளு ஏன் முழிச்சாரு?"

"முழிச்சாருன்னு எழுதலாம். ஏன்னு எழுத முடியாதே."

"நீ அவங்களுக்கு வக்கீலா?" என்றார் மேடம். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "செரி, உன்ற இஷ்டப்படி எழுது. ஆனா விட்டறாதே."

இப்படி எழுதினேன். பார்த்தது: மூன்றாம் வரிசையில் பத்து மிஷின்களில் பூஜைக் குறி இல்லை, காரணம் கேட்டபோது உரிமையாளர் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. தெரிவது: இந்தப் பத்தும் சொந்தமா என்பது உறுதியாகவில்லை, அதனால் முப்பது மிஷின் என்ற நிபந்தனை நிறைவேறியதாகச் சொல்ல முடியவில்லை. செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, உரிமையாளர் ஒரு வாரத்துக்குள் மிஷின் வாங்கிய ரசீதுகளை அனுப்ப வேண்டும். இரண்டு, சொல்லாமல் இன்னொரு முறை போய் மிஷின் தகட்டிலுள்ள எண்களை ரசீதோடு ஒப்பிட வேண்டும். பொறுப்பு ஜெயசுதா, கெடு தீபாவளிக்கு முன்.

தமிழ்செல்வன் சார் படித்துவிட்டு, "குங்குமத்தை வெச்சு ஆர்டரை நிறுத்தறீங்களா?" என்றார்.

"குங்குமத்தை வெச்சு இல்ல சார். அவரு பேச்சை வெச்சு" என்றார் மேடம்.

சார் இரண்டாவது வேலை முடியும்வரை முடிவு நிறுத்தம் என்று கையெழுத்துப் போட்டார்.

குமாரசாமி மூன்றாம் நாளே ரசீது அனுப்பினார். கடைசி வரிசையில் ஆறுக்குத்தான் இருந்தது. மீதி நான்கும் பழைய மிஷின் கடையில் வாங்கியவை, ரசீது கிடையாது என்று எழுதியிருந்தார். திருப்பூரில் அது சாதாரணம். மேடத்தின் சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"இப்பப் போனா உசாரா இருப்பாங்க. கொஞ்சம் அசரட்டும்" என்றார்.

நான் இரண்டு தடவை நினைவுபடுத்தினேன். இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு வேண்டாம் என்று தள்ளினார். தீபாவளி வந்தது. வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. ஆர்டர் அவிநாசிபாளையத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போனது.

அவிநாசிபாளையம் மேடத்தின் ஊர். அதுவரை குமாரசாமியைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நான், அன்றிலிருந்து மேடத்தைச் சந்தேகித்தேன். அந்தக் கம்பெனி முதலாளி யார், இவருக்கு என்ன உறவு என்று இரண்டு பேரிடம் மறைமுகமாக விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் நான் நம்பவில்லை. அவரோடு நான்கு வருடம் சுற்றியதில் நான் கற்றது அறிக்கை எழுதுவதையா, இதையா என்று அப்போது யோசித்தேன்.

பொங்கலுக்குள் மேடம் வேலையை விட்டுவிட்டார். பெருந்துறைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் நல்ல சம்பளம். போகும்போது அவர் பெயரில் முடியாமல் கிடந்த வேலைகளை சார் என்னிடம் மாற்றினார். நல்லூர் அதில் இருந்தது.

"முடிவெடுக்க இனி ஆர்டர் இல்லியே, எதுக்கு சார்?" என்றேன்.

"அடுத்த ஆர்டருக்கு அந்த ஆள் வந்து நிற்பார். அப்பவும் நிறுத்தம்னுதான் இருக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க."

சொல்லாமல் போனேன். முப்பது மிஷினும் அதே இடத்தில் இருந்தன. கிட்டத்தட்டப் பாதி உறையால் மூடிக் கிடந்தன. முதல் இரண்டு வரிசையில் ஆறு பேர்தான் இருந்தார்கள். கடைசி வரிசையில் மட்டும் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. அங்கே தைத்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி அக்கா என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தார். அவரும் எங்கள் தென்பக்கம்தான். ஆறு தகட்டு எண்ணும் ரசீதோடு பொருந்தின. மீதி நான்கை விற்ற பழைய மிஷின் கடைக்காரரிடம் போனிலேயே எண்களைச் சொல்லிக் கேட்டேன். அவர் தன் பதிவைப் பார்த்து, இரண்டு வருடம் முன்பு குமாரசாமிக்குக் கொடுத்தவைதான் என்றார். பத்தும் சொந்தம்.

"அப்ப பொட்டு ஏன் இல்ல?" என்று ரோஸ்மேரியிடம் கேட்டேன்.

"இந்த வரிசையில இருக்கவுக எல்லாரும் எங்க சபைக்காரங்கதான் பாப்பா. எங்க மிஷின்ல வைக்க வேண்டாம்னு மொதலாளிட்ட சொன்னோம். சரின்னுட்டாரு. பொட்டு இல்லாதது அவுக அம்மாவுக்கும் மத்தவங்களுக்கும் பொறுக்கல. வச்சதத் தொடச்சிட்டீங்களான்னு எங்ககிட்ட ஒரே சண்ட. எண்ணெய் விட்டவுக தொடச்சிருப்பாகன்னு சொல்லி மொதலாளிதான் அடக்கிட்டாரு. நீங்க வந்து எல்லார் முன்னாடியும் கேட்டா, மாத்தியா சொல்வாரு?"

குமாரசாமி பொய்தான் சொல்லியிருந்தார். எங்களை ஏமாற்ற அல்ல. பிரபாகரிடம் அன்றைய பேனாவைப் பற்றியும் கேட்டேன். மேடத்தின் பழக்கம் தெரிந்து, மேசையில் கிடந்ததை அவருடையது என்று நினைத்து, அவர் வெயிலில் திரும்ப நடக்க வேண்டாம் என்று குமாரசாமிதான் கொடுத்தனுப்பினாராம்.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் தறி ஓடுவதுபோல மிஷின் சத்தம் கேட்டது.

"தகட்ட நீயே பாத்தயா கண்ணு?"

"பார்த்தேன் மேடம்."

"கடைக்காரரு அவருக்கு வேண்டிய ஆளா இருக்கப் போறாரு."

"அவரு பதிவுல தேதியோட இருக்கு மேடம்."

"செரி. நான் வந்து அவருகிட்டப் பேசறேன்னு சொல்லு. தப்பா நெனச்சுட்டன்னு நானே சொல்லணும்" என்றார்.

அதைக் குமாரசாமியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வரச் சொல்லுங்க. டீ வாங்கி வெக்கறேன்" என்றார்.

அறிக்கையில் முடிந்தது என்று எழுதி சாரிடம் கொடுத்தேன். சித்திரையில் குமாரசாமிக்கு ஒரு சிறிய ஆர்டர் கிடைத்தது. முப்பது மிஷினுக்குப் போதாது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் நல்லூருக்குப் போகும்போதெல்லாம் அவர் ஆர்டரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. "அந்தம்மா வாரன்னாங்களே?" என்றுதான் கேட்பார். பெருந்துறையிலிருந்து நல்லூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் மேடத்திடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் வருகிறேன் என்றுதான் சொன்னார். இன்னும் வரவில்லை.