பந்திக்கு முன்னால் நாலு வார்த்தை

பாரிக்கு இந்தி வந்தது பீங்கானால். விருத்தாசலத்துப் பீங்கான் ஃபியூஸ் சாமான்களுக்கு ஆர்டர் பிடிக்க வடக்கே அலைந்தவன், கான்பூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் விலை பேசப் போய், கடைக்காரர் மிஸ்ராவின் மகள் ரஷ்மியையே கல்யாணம் செய்துகொண்டான். எந்தக் கடையிலும் வாய் தோற்காதவன், ஒரே ஒரு மேடையில் தோற்றான். அது அவனுடைய கல்யாண வரவேற்பு.

அன்று முதலில் தமிழில் முழுசாகப் பேசி, ஊர் வழக்கப்படி, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று முடித்தான். அந்த வரி காதில் விழுந்தால் பேச்சு முடிந்தது, பந்தி திறந்தது என்று ஊருக்கு அர்த்தம். அவன் தண்ணீர் குடித்துவிட்டு "நமஸ்தே" என்று இந்தியில் தொடங்கவும், மண்டபம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழவும் சரியாக இருந்தது. கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்கள் மிஸ்ராவும் அவர் மனைவியும்தான்.

இந்தியைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள் என்று மிஸ்ரா மனதில் வைத்துக்கொண்டார். பாரி அந்த வரியையே சொல்லிக்காட்டி எத்தனையோ தடவை விளக்கினான். "அச்சா, அச்சா" என்று தலையாட்டுவார். நம்பியதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் இந்த ஊர்ப்பக்கம் வரவே இல்லை. இப்போது பாரியின் தாத்தா கோவிந்தராசு, ஆயா அம்புஜவல்லியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு ரஷ்மி சண்டை போட்டு அழைத்து வந்திருந்தாள்.

"இந்த வாட்டியும் கெடுத்தீங்கன்னா அப்பா இனிமே இந்த வூட்டுக்கு வரமாட்டாரு," என்றாள். அவள் தமிழ் ஆயாவிடம் கற்றது.

"சுருக்கமா பேசிடறேன், தாயே."

"சுருக்கம் மட்டும் பத்தாது. ஒரு பாஷையில முழுசா பேசி, மறுபடியும் அதையே பேசக்கூடாது. அங்க ரெண்டு வரி, இங்க ரெண்டு வரி. புரியாதவங்க கொட்டாவி விடறதுக்குள்ள அவங்க பக்கம் திரும்பிடணும். சாப்பாடுன்னு மட்டும் வாயைத் தொறந்துடாதீங்க!"

அப்படியே செய்தான். எல்லார் கையிலும் பீங்கான் கப்பில் பாதாம் பால் வந்ததும் மைக்கைப் பிடித்தான். இடது பக்கம் உறவுக்காரர்கள், வலது பக்கம் மிஸ்ரா குடும்பம்.

"தாத்தா பீங்கான் சூளையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. கல்யாணமாகி ஆயாவுக்கு மொதமொதல்ல என்னா வாங்கியாந்தாருன்னு நெனைக்கிறீங்க? தோடா? செயினா?"

வலப்பக்கம் திரும்பி அதே கேள்வியை இந்தியில் கேட்டான். அங்கே புடவை, வளையல் என்று யூகங்கள் எழுந்தன. மிஸ்ரா கூட, "கடிகாரம்?" என்றார்.

பதிலை அவன் எந்த மொழியிலும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பழைய கப்பை எடுத்து உயர்த்தினான். பிடி ஒரு பக்கமாகக் கோணி ஒட்டியிருந்தது. அதில் குடிப்பது போலக் கழுத்தை வளைத்துக் காட்டினான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்தது.

"நான் ஒட்டுனதுடா அது!" என்றார் தாத்தா, ரோஷமாக.

"அம்பது வருசமா அதுலதான் குடிக்கிறேன். கழுத்து சுளுக்கிக்கினதுதான் மிச்சம்," என்றாள் ஆயா. ரஷ்மி அதை இந்தியில் சொன்னதும் அவள் அம்மா புரையேறும் வரை சிரித்தாள்.

பாரி தன் கப்பைத் தூக்கினான். "வேற கப்பு கேக்காத ஆயாவுக்கும், வேற கப்பு வாங்கித் தராத தாத்தாவுக்கும்!" உடனே வலப்பக்கம், தாத்தா-ஆயா பேரால் என்று இந்தியில்: "தாதா-தாதி கே நாம்!"

கப்புகள் முட்டிக்கொண்டன. தாத்தா பழக்க தோஷத்தில் தன் கப்பைக் காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். ணங்கென்றது. "விரிசல் இல்ல. நல்ல சாமான்." மிஸ்ராவும் தன் கப்பைக் காதில் வைத்துத் தட்டினார்.

பாரிக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. பால் தீர்ந்தது, ஜனம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. சமையல்கட்டு வாசலில் மாமா தங்கதுரை, இலைக்கட்டோடு, "இன்னும் இருக்குதாடா பேச்சு?" என்று கை ஆட்டினார். அந்த வரியைச் சொல்லலாமா, கூடாதா என்று பாரி ரஷ்மியைப் பார்த்தான்.

மிஸ்ரா எழுந்து வந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமி, ஒவ்வொரு எழுத்தாக, "எல்லாரும்... இருந்து... சாப்பிட்டுட்டுத்தான் போவணும்!" என்றார்.

மண்டபமே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. மிஸ்ரா ஒரு கணம் வாய் பிளந்து நின்றார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"சச் மே!" என்றார் மருமகனிடம். நிஜம்தான் போலிருக்கிறதே என்று அர்த்தம்.

"சம்பந்தி, வாங்க, முதல் பந்தி நிறைஞ்சிடப் போவுது," என்று தாத்தா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.