எட்டு லிட்டர்

நிமிடத்துக்கு எட்டு லிட்டர். பெண்கள் விடுதியின் மொட்டை மாடியில் மாட்டியிருந்த, குடிநீர்க் கிருமியைக் கதிர் விளக்கால் கொல்லும் யூ.வி. கருவியின் மேல் ஒட்டியிருந்த உச்ச அளவு இது. நாற்பத்தேழு வயதுப் பிளம்பரின் வயிற்றெரிச்சலுக்கு அந்தக் கருவியே காரணம். அதை மாட்டியது அவருடைய சகலை.

கல்யாணமான நாள் முதல் வீட்டில் ஒரே பாட்டு. "தங்கச்சி வீட்டுக்காரர் வேலையில ஒரு சொட்டு ஒழுகாதாம்ங்க" என்பாள் மனைவி. அவருக்குச் சோறு இறங்காது.

சகலை வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து விடுதிக் குடிநீரில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. வார்டனம்மா இவரைக் கூப்பிட்டார். இவர் பறந்தடித்துக்கொண்டு போனார்.

"உங்க சகலை வேலைதாங்க. தண்ணி சொட்டுச் சொட்டா வருது, கிருமி வேற. நீங்க சரி பண்ணிட்டா, இனி வருஷ வேலை முழுக்க உங்களுக்குத்தான்."

காதில் தேன் பாய்ந்தது. ஏணியில் ஏறிக் குற்றம் தேடினார்.

முதலில் மண், தூசி பிடிக்கும் வடிகட்டி, அதற்கப்புறம்தான் கருவி. கலங்கல் இருந்தால் கதிர் கிருமியைத் தொடாது. வரிசை சரி. வடிகட்டியும் புதுசு. 'பாவி!'

கருவிக்கு முன்னால் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு. தண்ணீரின் வேகத்தை மட்டுப்படுத்துவது.

"அதைக் கழட்டுங்கன்னு கெஞ்சினேன், மாட்டேன்னுட்டாரு. நீங்களாவது கழட்டுங்களேன்" என்றார் வார்டன்.

ஆசைப்பட்டுக் கழற்றினார். பத்து லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. எட்டு லிட்டர் எங்கே, இது எங்கே? இந்த ஓட்டத்தில் கிருமி சாகாமலே விளக்கைத் தாண்டி ஓடிவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி மாட்டினார்.

"ஆகாதும்மா. தண்ணி வேகமா வேணும்னா பக்கத்துலயே இன்னொரு கருவி போடணும், அதுக்கும் தனியா இதே துண்டு."

"அதையும் அவர் போன மாசமே சொல்லிட்டாரே!"

பல்லைக் கடித்தார். மிச்சம் இருந்தது விளக்கு. "இது எப்ப மாத்தினது?"

"மாட்டினதோட சரி. பதினாலு மாசம். வருஷம் ஆச்சு, மாத்தணும்னு நச்சரிச்சாரு. நல்லாத்தானே எரியுது?"

"எரியும்மா. கண்ணுக்கு எரியும். கிருமியைக் கொல்ற கதிர் குறைஞ்சு போயிருக்கும்."

சகலை மேல் பழியைப் போட்டால் போதும். வருஷ வேலை கையில். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எந்தக் குழாயைக் காட்டிப் பொய் சொல்வது? ஒன்றுகூட ஒழுகவில்லை.

"அவன் வேலையில குத்தம் இல்லம்மா" என்றார். வேப்பெண்ணெய் குடித்த முகம்.

மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, விளக்கைச் சுற்றியிருந்த கண்ணாடி உறையைத் துடைத்து, கை படாமல் துணியால் பிடித்துப் புது விளக்கைச் செருகினார். குழாய்களில் குளோரின் ஓடவிட்டு நன்றாகக் கழுவினார்.

வியாழக்கிழமை மறுபடி தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தேறிவிட்டால், வார்டனம்மா முடிவு செய்தபடி இரண்டாவது கருவியைச் சகலைதான் மாட்டுவார்.