இரண்டு வரிக்கு இரண்டு மதிப்பெண்

பள்ளியில் அவளுக்கு ‘ஏன் டீச்சர்’ என்று பெயர். வடிவியல் நிரூபணத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு மையில் பெரிதாக ‘ஏன்?’ என்று எழுதிவிடுவாள். ஆசிரியர் அறையில் டீயில் சர்க்கரை குறைந்தால்கூட ‘ஏன்?’ என்று கேட்பாள் என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

இந்த வருடம் புதுப் பாடப்புத்தகம் வந்தது. முதல் நாள் மதியம் ஆசிரியர் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து புரட்டினாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

பழைய புத்தகத்தில் வரிசை வேறு. இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒத்த கோணங்கள் சமம். அது அடிக்கோள், நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டு, அதன்மேல் மற்றதைக் கட்ட வேண்டும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது தேற்றம். ஒத்த கோண அடிக்கோளையும், குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று ஏற்கெனவே நிரூபித்த தேற்றத்தையும் வைத்து அதை நிரூபிக்க வேண்டும். புதுப் புத்தகத்தில் அப்படியே தலைகீழ். ஒன்றுவிட்ட கோணம்தான் அடிக்கோள், ஒத்த கோணம் தேற்றம். இரண்டும் சரிதான். எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும்தான் அதைச் செய்தாள்.

பதினேழு வருடத்துக்கு முன் வேறு பாடத்திட்டம் உள்ள வெளியூர்ப் பள்ளியிலிருந்து நடு வருடத்தில் ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். இரட்டைப் பின்னல், மெல்லிய குரல். ஆண்டுத் தேர்வில், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது பாகை என்று நிரூபிக்கச் சொல்லியிருந்தது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாகக் கோடு வரைந்து, இரண்டு பக்கமும் ஒன்றுவிட்ட கோணங்களைச் சமமாக்கி, ஒரே நேர்கோட்டில் மூன்றையும் சேர்த்துவிட்டாள். கச்சிதமான நிரூபணம். ஆனால் அந்த இரண்டு வரிக்கும் காரணமாக ‘அடிக்கோள்’ என்று எழுதியிருந்தாள். வரிக்கு ஒன்றாக இரண்டு மதிப்பெண் போயிற்று. மொத்தம் முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.

விடைத்தாளைக் கொடுத்தபோது அந்தப் பெண் மேஜைப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், எங்க பழைய புத்தகத்துல…”

“அடிக்கோள்னா நிரூபிக்காம ஏத்துக்கிறது. நிரூபிக்க முடிஞ்சதைப் போய் யாராவது அடிக்கோள்னு எழுதுவாங்களா? போய் உட்காரு.”

போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். “அதுக்குக் கணக்கு வரலைங்க, இன்னொரு வருஷம் படிக்க வைக்க வசதியில்லை” என்று அலுவலகத்தில் சொன்னாராம். டீச்சர் அன்று சாயங்காலமே மறந்துவிட்டாள்.

இன்று மறக்க முடியவில்லை. பள்ளி எழுத்தரிடம் விசாரித்ததில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில் அந்தப் பெண் வேலை செய்வதாகத் தெரிந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள்.

பின்னல் கொண்டையாகியிருந்தது, முகம் அதே முகம். “வாங்க டீச்சர், எத்தனை காப்பி?” என்றாள்.

டீச்சர் நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

“எங்க பழைய புத்தகத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு.”

“நீ எழுதினது சரிம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.”

இயந்திரம் யாருடைய தாள்களையோ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் அவற்றை அள்ளித் தட்டி அடுக்கினாள்.

“முதலாளி ரெண்டு தடவை கடையையே பார்த்துக்கச் சொன்னாரு டீச்சர். எனக்குக் கணக்கு வராதுன்னு சொல்லிட்டேன். என் பொண்ணு கணக்குல சந்தேகம் கேட்டாலும் அதேதான் சொல்றேன்.” அடுக்கிய தாள்களை ஓரமாக வைத்தாள். “எல்லாரையும் ஏன்னு கேப்பீங்களே. என்னை மட்டும் ஏன் கேக்கலை?”

டீச்சருக்குக் கண் நிறைந்து, கடையும் இயந்திரமும் கலங்கித் தெரிந்தன.

அந்தப் பெண் புத்தகத்தை அதே பக்கத்தில் கவிழ்த்து இயந்திரத்தின் கண்ணாடியின்மேல் வைத்தாள். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடி அடங்கியது. வெளியே வந்த தாளைச் சூடு ஆறும் வரை கையில் பிடித்திருந்தாள்.

“அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு டீச்சர்,” என்றாள். “இருந்திருந்தா காட்டியிருப்பேன்.”