தறிக்குழியில் உட்கார்ந்து குடித்த கஞ்சி

என் மகள் மரியாளுக்கு ஆறு வயது. கழுத்து நிற்காது, கை கால் விறைத்தே இருக்கும். பட்டுநூல் சுற்றும் வேலைக்கு நடுவே, ஏணைத் தொட்டிலில் அவளைப் படுக்கவைத்தபடியே கஞ்சி புகட்டுவேன். ஒருநாள் புரையேறி உதடு நீலமாகிவிட்டது. குப்புறப் போட்டு முதுகில் தட்டும்போதே, ‘போனால் போகட்டும்’ என்றது மனசு. மூச்சு திரும்பியதும் என்னை நினைத்து நானே நடுங்கினேன்.

அந்த வாரம் மாதா கோயிலில், இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கென்று சேத்துப்பட்டிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் பேசினார். அவருக்கும் அப்படியொரு மகன்.

“நானும் அவனைத் தூக்கிகினு கிணத்தண்டை போனவதாம்மா. கெட்டவ இல்ல, தூங்காதவ,” என்றார்.

நான் வாய்விட்டு அழுதேன். “எம்பொண்ணு நடப்பாளாங்க?”

“பொய் சொல்ல மாட்டேன், நடக்கமாட்டா. ஆனா புரையேறாம சாப்பிடுவா. நிமித்தி உக்காரவை. தலை பின்னால சாயக்கூடாது. கஞ்சி கெட்டியா இருக்கட்டும். ஒரு வாய் முழுங்கினப்புறம் அடுத்த வாய். ஒரு வேளைய வேற யாராச்சும் பாக்கட்டும்.”

இப்போது அந்தியில் என் கணவர் தறியை நிறுத்திவிட்டு, தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்தபடியே அவளை மடியில் நிமிர்த்திப் புகட்டுகிறார். அந்நேரம் நான் தூங்குகிறேன்.

அந்தப் பொல்லாத எண்ணம் இன்னமும் சில நாள் வருகிறது. வந்தால், பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.