ஒரு வரி தள்ளிப்போன பக்கங்கள்

எண்பதுகளின் கடைசியில், புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துத் திருமணப் பதிவேடுகளின் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. பழைய ஏட்டைத் தொட்டால் பொடிந்தது. அதனால் ஒரு முறை ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் செய்து, ஏட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

பட்டியல் எளிமையானதுதான். இடது ஓரத்தில் மாப்பிள்ளை பெயர், வலது ஓரத்தில் பதிவு எண், நடுவே வெறும் இடம். என் புரோகிராம் பக்கத்தை வரி வரியாக வெட்டும். எண்களை அது படிக்க முயலும். பெயரை, வெட்டிய துண்டைத் திரையில் பார்த்து நான் தட்டச்சு செய்வேன்.

வரியை வெட்ட நான் வைத்திருந்த வழி, அன்று எல்லாரும் வைத்திருந்ததுதான். பக்கத்தை மேலிருந்து கீழே கோடு கோடாகப் பார்த்து, ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை கரும்புள்ளி என்று எண்ணுவது. எழுத்து இருக்கும் இடத்தில் எண்ணிக்கை ஏறும், இரண்டு வரிக்கு நடுவே இறங்கும். இறங்கின இடத்தில் வெட்டு.

அச்சடித்த பக்கத்துக்கு அது போதும். அந்த ஏட்டை எழுதியவரோ பிரெஞ்சு எழுத்துகளைச் சேர்த்துச் சாய்த்து எழுதுபவர். அவருடைய g, y எல்லாம் வாலை நீட்டி அடுத்த வரியின் l, h தலையில் போய் முட்டும். வரியும் நேராகப் போகாது, வலது பக்கம் போகப் போக மேலே ஏறும். பல பக்கங்களில் வெற்றிடமே கிடைக்காமல் புரோகிராம் நாலைந்து வரியை ஒரே கட்டியாகக் கொடுத்தது. அந்தப் பக்கங்களை நான் கையால் பிரித்தேன். சில பக்கங்களை அது அழகாக வெட்டிக் கொடுத்தது. அவற்றை நான் நம்பினேன்.

எங்கள் பட்டியலை அச்சடித்துப் பதிவு அலுவலகத்தில் வைத்தார்கள். ஆறேழு மாதம் கழித்து அடுத்த ஏட்டின் ஜெராக்ஸ் வாங்க அங்கே போயிருந்தபோது, ஒரு அம்மா கையில் சீட்டுடன் குமாஸ்தா முன்னால் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தவளக்குப்பத்துக்காரர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், போன வருடம் இறந்திருந்தார். விதவைப் பென்ஷனுக்குத் திருமணப் பதிவின் நகல் கேட்டிருக்கிறார்கள். முதலில் வந்தபோது குமாஸ்தா எங்கள் பட்டியலில் பெயரைப் பார்த்து, அந்த எண்ணுள்ள பதிவை எடுத்திருக்கிறார். அதில் வேறு யாரோ ஒரு தம்பதி. பதிவு இல்லை என்று சீட்டெழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்தச் சீட்டைக் கொழுந்தனார் வீட்டில் எல்லாரும் படித்திருக்கிறார்கள். கட்டின பொண்டாட்டி இல்லை, சேர்த்துக்கொண்டவள் என்று பேச்சு வந்துவிட்டது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. குமாஸ்தாவிடம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மேரியில ரெண்டு பேரும் நின்னு கையெழுத்து போட்டோம் சார். எனக்கு எழுதத் தெரியாது, என் பேர மட்டும் அவர்தான் ஒரு மாசம் எழுதிக் காட்டினாரு. அதுக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

மேரி என்பது எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடம். அந்தக் கையெழுத்து ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பட்டியலைத் தயாரித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கணவரின் பெயரையும் அவர்கள் தெருவையும் குறித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன்.

அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைத் தேடியெடுத்து, ஸ்கேலைப் பெயரின் அடியில் வைத்து, எழுத்தின் சாய்மானத்தோடு வலது ஓரம் வரை கொண்டுபோனேன். ஸ்கேல் போய் நின்ற எண் வேறு. எங்கள் பட்டியலில் இருந்தது அதற்கு அடுத்த வரியின் எண்.

அப்போதுதான் விளங்கியது. வரி பாதி உயரம் ஏறியிருந்தால், பெயர்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வலப்பக்க எண்கள் அடைத்துவிடும். புரோகிராம் திணறும், நானும் கவனிப்பேன். இந்தப் பக்கத்தில் வரி சரியாக ஒரு வரி உயரம் ஏறியிருந்தது. நடுவே எழுத்தே இல்லாததால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடுத்தவருடைய எண் கச்சிதமாக வந்து உட்கார்ந்துவிட்டது. வெட்டு சுத்தமாக விழுந்தது. மேலே தனியாக மிஞ்சிய ஓர் எண்ணை, புள்ளி குறைவு, கறையாக இருக்கும் என்று தள்ளச் சொன்னது நான் எழுதிய விதி. கடைசிப் பெயருக்கு எண் இல்லாததைப் பார்த்தபோது, ஓரம் கிழிந்திருக்கும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

மறுநாள் இந்த வேலைக்குப் பொறுப்பான புரொபசரிடம் சொன்னேன். வேலை முடிந்தது என்ற அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது என்றார். ஒரு பக்கம்தானே, திருத்தி அனுப்பிவிடலாமே என்றார். அழகாக வெட்டப்பட்ட எந்தப் பக்கத்தையும் இனி நம்ப முடியாது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை வாங்க இரண்டு வருடம் அலைந்தவர். கடைசியில், "பட்டியலைத் திரும்ப வாங்கிக்க. பதிவு ஆபீசுக்கு எழுதற லெட்டர்ல நான் கையெழுத்து போடறேன்" என்றார்.

வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். ஏட்டின் தையல் பக்கம் வளைந்தால் வரியும் வளையும் என்பதால், கட்டி வைத்த ஏட்டை மறுபடி எடுத்து, தாள் பொடியாதபடி கண்ணாடியோடு படிய வைத்து ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். ஸ்கேன் செய்யும்போது, தாளின் பின்பக்க மை தெரியாத அளவுக்குக் கருமையைக் குறைத்தேன். பிறகு பெயர்ப் பகுதியை மட்டும் எடுத்து, சின்னச் சின்னக் கோணமாகத் திருப்பித் திருப்பி எண்ணினேன். எந்தக் கோணத்தில் மேடும் பள்ளமும் மிகத் தெளிவாக வருகிறதோ, அதுதான் பக்கத்தின் சாய்வு. முழுப் பக்கத்தையும் அந்த அளவுக்குத் திருப்பிய பிறகே வலது ஓரத்து எண்களைத் தொட்டேன். வரி வளைந்த பக்கங்களை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் வெற்றிடம் தேடி, அடுத்த பட்டையோடு இணைத்தேன். முட்டிக்கொண்ட எழுத்துகளை நேர்கோட்டில் வெட்டாமல், ஒட்டிய இடத்தில் மெலிந்த கழுத்தைத் தேடிப் பிரித்து, வாலை அதன் சொந்தக்காரருக்கே கொடுத்தேன். அப்படியும் சில பக்கங்கள் மசியவில்லை. அவற்றில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் நானே புள்ளி வைத்தேன். பெயரும் எண்ணும் ஒரே எண்ணிக்கையில் வராவிட்டால் நின்றுவிடும்படி புரோகிராமுக்குக் கட்டளை எழுதினேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்த அம்மாவுடைய பதிவின் சரியான எண்ணை எடுத்துக்கொண்டு போய் நகல் வாங்கினேன். அடியில் பிரெஞ்சு எழுத்தில் அவர் பெயர், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பயந்து பயந்து எழுதியது போல இருந்தது. பஸ் பிடித்துத் தவளக்குப்பம் போனேன்.

நகலைக் கொடுத்துவிட்டுத் தவறு என்னுடையது என்றேன். வரி சாய்ந்தது, எண் மாறியது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னுதுதான்மா," என்றார். பிறகு, "அந்தச் சீட்டப் பாத்துப் பேசினதுக்கு அப்புறம் கொழுந்தனார் வீட்டுக்கு நான் போகல. இப்ப இதக் காட்டினா உள்ள விடுவாங்க. நான்தான் போக மாட்டேன்" என்றார்.

காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை.

திருத்திய பட்டியல் முடிந்ததும், அந்த ஆறேழு மாதத்தில் எழுதப்பட்ட 'பதிவு இல்லை' சீட்டுகளின் அடிக்கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். எங்கள் தவறால் திரும்பிப் போனவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இருவருக்குக் கடிதம் எழுதினேன், வந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்றாமவர் விலாசம் என்ற இடத்தில் உழவர்கரை என்று மட்டும் எழுதிப் போயிருந்தார். உழவர்கரையில் எத்தனை தெரு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பெயரில் ஒருவரைத் தெரியும், வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார் என்று ஒரு தையல்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.